இணையதளத்தின் காலாவதித் தேதியை யார் பார்க்கிறார்கள்?

2020 பிப்ரவரி 3-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியது. சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

https என்று தொடங்கும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் இப்படி ஒரு சான்றிதழ் உண்டு. 'இது உண்மையான தளம்தான்' என்று பிரவுசருக்குச் சொல்வது அதுதான். அதற்கு முடிவு தேதி இருக்கிறது. தேதி தாண்டிய அடுத்த நொடியே பிரவுசர் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டி வாசகரைத் தடுத்துவிடும்.

இலவசச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு வழக்கமாக 90 நாளுக்குத்தான் கொடுக்கிறது. 'சர்ட்பாட்' என்ற மென்பொருள், 30 நாள் மீதமிருக்கும்போது தானாகவே புதுச் சான்றிதழ் வாங்கிவிடும். பிறகு எதற்குத் தினசரி சோதனை? தானாக நடக்கும் வேலை நின்றுபோனால், அதுவும் சத்தமில்லாமல்தான் நிற்கும். காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

ஆகவே தினமும் காலையில் சர்வர் தானாகவே இந்தக் கட்டளையை ஓட்டும்படி வைக்கலாம்:

```
openssl s_client -connect example.com:443 \
  -servername example.com </dev/null 2>/dev/null |
  openssl x509 -noout -checkend 1814400
```

கடைசி எண், 21 நாளை நொடிகளில் சொல்வது. அதற்குள் சான்றிதழ் முடிந்துவிடும் என்றால் கட்டளை தோல்வி என்று திரும்பும். உடனே குழுவுக்குச் செய்தி போகவேண்டும். 21 என்பதற்குக் காரணம் உண்டு. 30-ஆம் நாளிலேயே புதுப்பித்திருக்க வேண்டும். ஒன்பது நாள் கழித்தும் பழைய தேதியே தெரிந்தால் ஏதோ பழுது என்று பொருள். சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும்.

சோதனை சர்வரில் உள்ள கோப்பைப் பார்க்கக் கூடாது. மேலே உள்ளதுபோல, வாசகர் வரும் வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும். புதுச் சான்றிதழ் கோப்பாக வந்து சேர்ந்திருக்கும். ஆனால் என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர், தான் தொடங்கியபோது படித்த பழையதையே வாசகருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். கோப்பில் புதுத் தேதி, வெளியே பழைய தேதி என்றால் இதுதான் நடந்திருக்கிறது. `nginx -s reload` கொடுத்தால் சரியாகிவிடும். கோப்பிலும் பழைய தேதியே இருந்தால் புதுப்பிக்கும் வேலையே நடக்கவில்லை. சர்ட்பாட்டின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

தளத்தோடு தொடர்பே கிடைக்காமல் பதில் வெறுமையாக வந்தாலும் அதை எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள். 'எல்லாம் சரி' என்ற செய்தியும் தினமும் ஓரிடத்தில் பதிவாகட்டும். அது வராத நாளில் சோதனையே நின்றுவிட்டது என்று தெரியும்.

2029 மார்ச் 15 முதல் இத்தகைய சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 47 நாளாகக் குறைகிறது. நாட்காட்டியில் குறித்துவைத்துப் புதுப்பிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு எந்தக் குழுவுக்கும் கைகொடுக்காது.