அரை நாள் லீவு என்றால் எத்தனை மணி நேரம்?

ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு ஒரு நாள் போல இன்னொரு நாள் இருப்பதில்லை. திங்கட்கிழமை 12 மணி நேர ஷிப்ட், புதன்கிழமை 8, வியாழக்கிழமை 6 என்று ரோஸ்டர் போகும். இப்படிப்பட்டவர் காய்ச்சலோடு வேலைக்கு வந்து, முடியாமல் பாதியில் கிளம்பினால், "சரி, அரை நாள் சிக் லீவ் போட்டுவிடுகிறேன்" என்கிறார் சூப்பர்வைசர். பரிவான பேச்சுதான். ஆனால் 12 மணி நேரத்தில் பாதி 6, ஆறில் பாதி 3. சம்பளக் கணக்கு மென்பொருளில் "நாள்" என்பது 7.6 மணி என்று பதிந்திருந்தால் அதன் பாதி 3.8. இந்த மூன்றில் எதைக் கழிக்க வேண்டும்?

பெரும்பாலும் மூன்றுமே தவறு. அவர் வேலை செய்திருக்க வேண்டிய, ஆனால் செய்யாமல் போன மணி நேரத்தைத்தான் கழிக்க வேண்டும். "நாள்" என்ற அளவு இந்தக் கணக்கில் நுழையவே கூடாது.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம், தன் வரம்புக்குள் வரும் கேஷுவல் அல்லாத ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்துடன் கூடிய சொந்த நலன் மற்றும் பராமரிப்பு விடுப்பைத் தருகிறது. பேச்சு வழக்கில் சிக் லீவ் என்கிறோம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ உடம்பு சரியில்லாதபோது எடுப்பதும் இதில்தான் வரும். டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரை ஒட்டிய கிளேர்மாண்டில் உள்ள கேட்பரி சாக்லேட் ஆலையில் சிலர் வாரத்துக்குச் சராசரி 36 மணி நேரத்தை 12 மணி நேர ஷிப்டுகளாக வேலை செய்தார்கள். பத்து நாள் என்றால் எங்கள் பத்து ஷிப்ட், அதாவது 120 மணி நேரம் என்றது தொழிற்சங்கம். இல்லை, 36 மணியை ஐந்தால் வகுத்து வரும் 7.2 மணிதான் ஒரு நாள், ஆகவே 72 மணி நேரம் என்றது ஆலையை நடத்தும் மாண்டலீஸ் நிறுவனம். 2019இல் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு தொழிற்சங்கத்தின் பக்கம் நின்றது. 2020 ஆகஸ்ட் 13 அன்று உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைப் புரட்டிப்போட்டது. ஆஸ்திரேலியாவில் உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் கடைசி நீதிமன்றம்.

12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கு அந்தத் தீர்ப்பு ஏமாற்றம்தான். சட்டம் தரும் 72 மணி நேரத்தில் அவர் ஆறு ஷிப்டுக்குத்தான் படுத்திருக்க முடியும். (அந்த ஆலையில் ஒப்பந்தப்படி 96 மணி நேரம் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.) ஆனாலும் நீதிமன்றம் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. வாரத்துக்கு ஒரே அளவு மணி நேரம் உழைக்கும் இருவரில், ஷிப்ட் நீளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு 120, மற்றவருக்கு 72 என்று எப்படிக் கொடுப்பது? தீர்ப்பின் பலனாக ஒரு தெளிவான கணக்கு கிடைத்தது. ஓர் ஆண்டின் சாதாரண வேலை நேரத்தில் 26இல் ஒரு பங்கு உங்கள் சிக் லீவ். அது மணிக் கணக்கில் சேர்கிறது, மணிக் கணக்கிலேயே கழிகிறது.

ஒரு ரோஸ்டரை வைத்துப் பார்ப்போம். முதியோர் இல்லத்தில் முழுநேரமாக வேலை செய்யும் ஒருவர். வாரம் 38 மணி, இரண்டு வாரத்துக்கு 76. அந்த 76, நான்கு 12 மணி ஷிப்ட், இரண்டு 8 மணி, இரண்டு 6 மணி என்று பிரிந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவருக்கு 2.92 மணி நேரம் சேரும். ஆண்டு முழுவதற்கும் 76. இந்த இரண்டு வாரம் தொடங்கும்போது அவர் இருப்பு 60 மணி நேரம்.

திங்கட்கிழமை காலை 6 மணி முதல் மாலை 6.30 வரை ஷிப்ட், நடுவில் சம்பளமில்லாத அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. தலைசுற்றல் தாங்காமல் 11 மணிக்குக் கிளம்பிவிடுகிறார். கடிகாரத்தைப் பார்த்தால் மீதி ஏழரை மணி நேரம். ஆனால் அவர் இன்னும் சாப்பாட்டு இடைவேளை எடுக்கவில்லை, அந்த அரை மணிக்கு எப்படியும் சம்பளம் கிடையாது. ஆகவே கழிய வேண்டியது 7. வியாழக்கிழமை 6 மணி நேர ஷிப்ட். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறார். கழிவது 2. அடுத்த வாரம் ஒரு 12 மணி ஷிப்ட் முழுவதும் போகவில்லை. கழிவது 12. மொத்தம் 21. வேலை செய்தது 55, லீவு 21, இரண்டும் சேர்ந்து 76க்கும் சம்பளம். சம்பளத்துடன் கூடிய லீவில் இருக்கும்போதும் லீவு சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் 60உடன் 2.92 கூட்டி 21 கழித்தால், கடைசி இருப்பு 41.92.

இனி "நாள்" கணக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு நாள் 7.6 என்று பதிந்த மென்பொருளில் திங்கள் அரை நாள், வியாழன் அரை நாள், அடுத்த வாரம் ஒரு நாள் என்று ஏற்றினால் 15.2 மணி நேரம்தான் கழியும். இருப்பு 47.72 என்று காட்டும். ஐயோ, எனக்கு லாபமாகப் போயிற்றே என்று பேசாமல் இருந்துவிடத் தோன்றும். சம்பளப் பட்டியலில் பக்கத்து வரியைப் பாருங்கள். லீவுக்கான சம்பளமும் அதே 15.2 மணிக்குத்தான் வந்திருக்கும். 76க்குப் பதில் 70.2, 5.8 மணி நேரச் சம்பளம் காணாமல் போயிருக்கிறது, லீவு இருப்பு கையில் இருந்தும். தலைகீழாகவும் நடக்கும். 6 மணி நேர ஷிப்டுக்கு முழுவதும் வராத நாளில் சம்பளம் 6 மணிக்கு வரும், இருப்பில் மட்டும் 7.6 குறையும். ஒவ்வொரு முறையும் 1.6 மணி நேரம் போகும். ஆண்டில் நாலைந்து முறை இப்படி நடந்தால் ஒரு முழு ஷிப்டையே இழந்திருப்பீர்கள்.

இதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. ரோஸ்டர் போடும் செயலியில் லீவு விண்ணப்பம் நாள் கணக்கில் போகிறது, சம்பள மென்பொருள் மணிக் கணக்கில் வைத்திருக்கிறது; இரண்டையும் இணைத்தவர் 38ஐ ஐந்தால் வகுத்து 7.6 என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டார். எல்லோரும் ஒரே நீள ஷிப்ட் பார்க்கும் அலுவலகத்தில் இது வெளியே தெரியவே தெரியாது.

ஆகவே சோதிக்க ஒரே விதி போதும். லீவு என்று எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் வந்ததோ அத்தனை மணி நேரம்தான் இருப்பில் குறைய வேண்டும். அந்த எண், நீங்கள் வராத நேரத்தில் ரோஸ்டர் காட்டும் சாதாரண வேலை நேரமாக இருக்க வேண்டும். ரோஸ்டர் என்றால் அந்த நாளில் நடப்பில் இருந்த ரோஸ்டர். தோழியோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு 12க்குப் பதில் 8 பார்க்க ஒப்புதல் வாங்கியிருந்தால், கழிவது 8. அதனால்தான் மாற்றிய ரோஸ்டரைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மாதம் கழித்துக் கேட்டால் செயலியில் பழையது இருக்காது.

ஓவர்டைம் சாதாரண வேலை நேரத்தில் சேராது. 8 மணி நேர ஷிப்டுக்குப் பிறகு 2 மணி ஓவர்டைம் பார்க்க ஒப்புக்கொண்ட நாளில் படுத்துவிட்டால், சம்பளமும் கழிவும் 8தான். சட்டம் உறுதி செய்வது அடிப்படை ஊதியத்தை மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைக்கான கூடுதல் ஊதியம் சிக் லீவில் வராது, உங்கள் அவார்டோ நிறுவன ஒப்பந்தமோ அதிகம் தந்தால் தவிர.

அரசு விடுமுறை நாளில் சிக் லீவ் கழியக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். நாளின் ஒரு பகுதி மட்டும் விடுமுறையாக இருந்தாலும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. குயின்ஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை அரசு விடுமுறை. பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை ஷிப்ட் இருந்து நீங்கள் போகவில்லை என்றால், சாப்பாட்டு இடைவேளையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், லீவாகக் கழியக்கூடியது 6 மணி வரையிலான நான்கு மணி நேரம் மட்டும்.

"எங்கள் இடத்தில் அரை நாளுக்குக் குறைவாக சிக் லீவ் கிடையாது" என்று சிலர் சொல்வதுண்டு. சிக் லீவை முழு ஷிப்டாகவோ அரை ஷிப்டாகவோதான் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் இரண்டு மணி நேர லீவுக்கும் முதலாளி சான்று கேட்கலாம் என்பதை மறக்காதீர்கள். டாக்டர் சான்றிதழோ உறுதிமொழிப் பத்திரமோ கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆண்டு விடுப்பு வேறு மாதிரி, அதை எப்போது எடுப்பது என்பது இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்வது. எடுத்த பிறகு கழிக்கும் விதம் இங்கே சொன்னதேதான்.

கணக்கு இடிக்கிறது என்று தோன்றினால் முதலில் பதிவேட்டைக் கேளுங்கள். சம்பளப் பட்டியலில் லீவு இருப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பல நிறுவனங்கள் காட்டுவதில்லை. ஆனால் எடுத்த லீவையும் மீதி இருப்பையும் பதிந்து ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. நீங்கள் கேட்டால் காட்ட வேண்டியதும் கடமை. பதிவேடு வேலையிடத்திலேயே இருந்தால் மூன்று வேலை நாளுக்குள் அங்கே காட்ட வேண்டும், அல்லது பதினான்கு நாளுக்குள் நகலைத் தபாலில் அனுப்ப வேண்டும். வேறிடத்தில் இருந்தால் முடிந்தவரை விரைவில். மின்னஞ்சலில் கேளுங்கள், தேதியோடு: "இந்தத் தேதியில் ரோஸ்டர்படி 6 மணி நேர ஷிப்ட், சம்பளம் 6 மணிக்கு வந்தது, இருப்பில் 7.6 குறைந்திருக்கிறது, சரிபார்க்கவும்." இவ்வளவு போதும். பெரும்பாலான சம்பளப் பிரிவினர் இதைப் பார்த்ததும் தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள்; உங்களுக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடந்திருக்கும் என்பதால் திருத்தம் பெரிதாகவே இருக்கும். இப்படிக் கேட்டதற்காக ஷிப்டைக் குறைப்பதோ வேலையை விட்டு எடுப்பதோ சட்டவிரோதம். விசாவில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

பதில் வரவில்லை என்றால் தொழிற்சங்கம், இல்லையேல் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம். தொலைபேசி 13 13 94. அதற்கு மேல் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கைக்கான எளிய வழி இருக்கிறது, 1 லட்சம் டாலர் வரை. ஆறு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். முதலாளி பதிவேடே வைத்திருக்கவில்லை என்றால் உங்கள் கணக்கு தவறு என்று நிரூபிக்கும் சுமை பொதுவாக அவர் மேல் விழும். ஆகவே உங்கள் நோட்டில் தேதியும் மணியும் எழுதியிருப்பது வீண் போகாது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் முதலில் 131 450இல் அரசு மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள். அவர்களே ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தோடு இணைத்துப் பேசுவார்கள்.