கொலோனோஸ்கோபியால் 18 சதவீதம்தான் பலனா?

2022 அக்டோபரில் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. கொலோனோஸ்கோபியால் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம்தான் குறைகிறது என்று அதையொட்டிச் செய்தி பரவியது. அதைப் படித்தவர்களுக்கு ‘இவ்வளவுதானா, இதற்கு எதற்கு வயிற்றைக் கழுவி அவஸ்தைப்பட வேண்டும்’ என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. எண்ணில் தவறில்லை. ஆனால் அது சோதனை செய்துகொண்டவர்களைப் பற்றிய எண்ணே அல்ல.

போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரையிலான சுமார் 85,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு ‘வந்து சோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று அழைப்பு போனது. மற்றவர்களுக்குப் போகவில்லை. பத்து ஆண்டுகளில் புற்றுநோய் வந்தவர்கள், அழைக்கப்பட்டவர்களில் 0.98 சதவீதம், மற்றவர்களில் 1.20 சதவீதம். 18 சதவீதம் என்பது இந்த இரண்டின் ஒப்பீடு. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் சோதனைக்கு வந்தார்கள்! ஆக, அது கடிதம் அனுப்பியதன் பலன்.

அப்படியானால் வந்தவர்களை மட்டும் எடுத்து, வராதவர்களோடு ஒப்பிடலாமே என்று கேட்கலாம். கூடாது. கூப்பிட்டவுடன் வருகிறவர் பெரும்பாலும் உடம்பைப் பேணுகிறவர், புகைக்காதவர். அவருக்கு நோய் குறைவாக வந்தால் அது சோதனையாலா, பழக்கத்தாலா என்று பிரிக்க முடியாது.

இங்கேதான் கருவி மாறி என்ற உத்தி உதவுகிறது. யாருக்குக் கடிதம் போக வேண்டும் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது, ஒருவருடைய குணமோ வசதியோ அல்ல. அழைக்கப்பட்ட 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். கடிதம் போகாத 1,000 பேரைவிட அவர்களில் நோய் வந்தவர்கள் சுமார் 2.2 பேர் குறைவு. கடிதம் வந்தும் வராத 580 பேருக்கு எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் அந்த 2.2 முழுவதும் வந்த 420 பேருக்குள்தான் நடந்திருக்க வேண்டும். 2.2-ஐ 420-ஆல் வகுத்தால், சோதனை செய்த 1,000 பேருக்கு ஏறக்குறைய 5 பேர் தப்பியிருக்கிறார்கள் என்று வருகிறது. வேறு விதமாகச் சொன்னால், ஒருவரைக் காக்க 455 பேரை அழைக்க வேண்டும், சுமார் 190 பேருக்குச் சோதனை செய்ய வேண்டும்.

இனி எச்சரிக்கை. இந்த 5 யாருடைய பலன்? கடிதம் வந்ததால் மட்டுமே சோதனைக்கு வந்தவர்களுடையது. லோக்கல் ஆவரேஜ் ட்ரீட்மென்ட் எஃபெக்ட் என்று பொருளியலார் சொல்வது இதைத்தான். கீடோ இம்பென்ஸும் ஜோசுவா ஆங்கிரிஸ்டும் 1994-இல் இதைத் தெளிவுபடுத்தினார்கள். 2021-இல் பொருளியல் நோபலும் பெற்றார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறுமானால், அந்த 580 பேருக்குச் சோதனை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்தக் கணக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. அவர்களில் புகைப்பவர்கள் அதிகம் என்றால் பலன் கூடுதலாகவே இருந்திருக்கலாம். நார்வேயில் அழைத்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வந்தார்கள், போலந்தில் 33 சதவீதம். அதே கடிதம்தான், ஆனால் அது நகர்த்திய ஆட்கள் வேறு. நாளைக்குக் கடிதத்துக்குப் பதில் செவிலியர் வீடு தேடி வந்து அழைத்தால் இன்னொரு கூட்டம் வரும், இன்னொரு விடையும் வரும். இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும்.

வகுத்தல் பொய்த்துப்போகும் இடங்களும் உண்டு. கடிதத்தைப் பார்த்துப் பயந்து, சோதனைக்குப் போகாமல் சிகரெட்டை மட்டும் விட்டவர்கள் கணிசமாக இருந்தால், அந்தப் பலனும் சோதனையின் கணக்கில் ஏறிவிடும். கடிதம் 100-இல் 2 பேரைத்தான் அசைத்தது என்றால் 0.02-ஆல் வகுக்க வேண்டும். சின்னப் பிழையும் ஐம்பது மடங்காக வீங்கும். எந்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதையே கருவியாக்கும் ஆய்வுகளில் இன்னொரு சிக்கல். தாராளமாக மருந்து எழுதும் மருத்துவரும் சிலருக்கு மறுப்பார், கறாரானவரும் அதே ஆட்களுக்குக் கொடுத்துவிடலாம். இப்படி எதிர்த்திசையில் போகிறவர்கள் இருந்தால், விடை எந்தக் கூட்டத்தின் சராசரி என்று யாராலும் சொல்ல முடியாது. என் கருத்தில், கருவி யாரை நகர்த்தியது என்று சொல்லாத ஆய்வு பாதி ஆய்வுதான்.

சோதனைக்கு முன் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. மருத்துவர் ஒரு சதவீதத்தைச் சொன்னால், ‘இது அழைக்கப்பட்டவர்களுக்கா, செய்துகொண்டவர்களுக்கா? என்னைப் போன்றவர்கள் அதில் இருந்தார்களா?’ என்று கேளுங்கள். ஆபத்தையும் கேளுங்கள். இந்த ஆய்வில் 15 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது, எல்லாம் குடலில் இருந்த கட்டியை நீக்கிய பிறகு. ஒன்றை மறக்க வேண்டாம்: இது அறிகுறி இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வு. மலத்தில் ரத்தம் போகிறவர் இந்த எண்களை வைத்து யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.