கறுப்பு மைக்குள் ஒளிந்திருந்த கை

(ஒரு குட்டித் துப்பறியும் கதை. முடிவைப் படிக்கும் முன் நீங்களே கண்டுபிடியுங்கள்!)

பள்ளி நூலக மேசையில் விரித்து வைத்திருந்த கையெழுத்துப் பத்திரிகையில், ஒரு கதைக்குக் கீழே யாரோ கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள்: “இது காப்பி அடித்த கதை.”

மதிய இடைவேளையில் உள்ளே போனவர்கள் மூன்று பேர்தான் என்றது வருகைப் பதிவேடு. செல்வம், யாழினி, கபிலன். கதை எழுதியவனோடு முந்தின நாள் சண்டை போட்டவன் செல்வம். எல்லார் விரலும் அவனை நோக்கியே நீண்டது.

வேதியியல் டீச்சர் அவசரப்படவில்லை. முதலில் எழுத்துகளை உற்றுப் பார்த்தார். ஏறக்குறைய எல்லா எழுத்திலும் மை வலப்பக்கமாக இழுபட்டுத் தீற்றலாகி இருந்தது.

பிறகு, கிறுக்கலின் கடைசிப் புள்ளி வரும்படி தாளில் ஒரு கீற்றை வெட்டினார். அதே தாளின் வெற்று ஓரத்திலிருந்து இன்னும் மூன்று கீற்றுகள். தாள் மாறினால் நீர் ஏறும் வேகமும் மாறும். அப்புறம் ஒப்பிட்டுப் பயனில்லை.

“ஆளுக்கொரு கீற்று. உங்கள் கறுப்புப் பேனாவால் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி வையுங்கள்.”

செல்வத்திடம் இருந்தது பெர்மனன்ட் மார்க்கர். யாழினியிடமும் கபிலனிடமும் ஒரே கம்பெனி ஸ்கெட்ச் பேனா. கபிலன் இடக்கையால் புள்ளி வைத்தான். மற்ற இருவரும் வலக்கையால்.

கீற்றுகளின் நுனி மட்டும் டம்ளர் நீரில் நனைந்தது. புள்ளி நீரில் மூழ்கினால் மை டம்ளரிலேயே கரைந்துவிடும். சிறிது நேரத்தில், கிறுக்கலின் புள்ளி மேலே ஏறி நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் எனப் பிரிந்தது. ஸ்கெட்ச் பேனாப் புள்ளிகள் இரண்டும் அச்சாக அப்படியே. மார்க்கர் புள்ளி அசையவே இல்லை.

டீச்சர் ஒருவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் தலைகுனிந்தான்.

யோசியுங்கள்

1. மார்க்கர் புள்ளி ஏன் அசையவில்லை?
2. மைச் சோதனை மட்டும் போதுமா?
3. செல்வம் பேனா இரவல் வாங்கி எழுதியிருக்கலாமே?

விடை

ஸ்கெட்ச் பேனாவின் கறுப்பு, பல சாயங்களின் கலவை. நீரில் எளிதாகக் கரையும் சாயம் உயரே போகும். தாளோடு ஒட்டிக்கொள்வது பின்தங்கும். மார்க்கர் மை நீரில் கரையாது, ஸ்பிரிட்டில்தான் நகரும். ஆக, எழுதியது மார்க்கர் இல்லை. ஆனால் இந்தச் சோதனை பேனாவின் வகையைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. யாழினியா கபிலனா என்ற கேள்வியும், இரவல் பேனா என்ற சந்தேகமும் அப்படியே நிற்கின்றன.

அங்கேதான் தீற்றல் கைகொடுக்கிறது. தமிழை இடமிருந்து வலமாக எழுதும்போது, இடக்கைக்காரரின் உள்ளங்கை ஓரம் ஈர மையின் மேல் வலப்பக்கமாக நகரும். ஓர் எழுத்தில் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். வரி முழுக்க இருந்தால் அது கைப்பழக்கம். மூவரில் இடக்கைக்காரன் கபிலன் மட்டும்தான். புள்ளி வைக்கச் சொன்னதன் பாதிக் காரணம், யார் எந்தக் கையை நீட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான்!

கடைசியாக, விடை தராத ஒரு கேள்வி: கபிலன் தலைகுனியாமல் மறுத்திருந்தால்? நூலகர் ஐந்து நிமிடம் வாசலை விட்டு எழுந்து போனதும் தெரியவந்தால், இந்த வாதத்தில் எது நிற்கும், எது விழும்?