கிளார்க் சாருக்கு ஐந்து நிமிடப் பேச்சு

ஆசிரியர் ஓய்வு பெறும்போது பேசுவது எளிது. அவரிடம் படித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர் பாடம் நடத்திய விதத்தையோ போட்ட அதட்டலையோ தொட்டாலே போதும், கைதட்டல் வந்துவிடும். பள்ளி எழுத்தருக்கு அந்த வசதி இல்லை. முப்பது வருடம் வேலை பார்த்திருந்தாலும் மாணவர்களுக்கு அவர் டி.சி. கொடுப்பவர், ஆசிரியர்களுக்குச் சம்பள பில் போடுபவர், அவ்வளவுதான். அதனால்தான் பணி நிறைவுப் பாராட்டு விழாவில் பேச எழுகிறவர்கள், “கடமை தவறாதவர், எளிமையானவர், புன்னகை மாறாதவர்” என்று சொல்லி, நீடூழி வாழ வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அதே பேச்சு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் பொருந்தும்.

அந்தப் பேச்சு அவருக்கே உரியதாக இருக்க வேண்டுமென்றால், அவர் செய்த வேலையைப் பேச வேண்டும். தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்தர் 1995 அக்டோபரில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர், பிறகு உதவியாளரானவர். அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அந்தக் கணக்கில் அவருக்கு 2025 அக்டோபர் 31 கடைசி வேலை நாள். பள்ளி நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்குக் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. எழுத்தருக்கு அது கிடையாது. மாதக் கடைசி நாள் மாலையோடு சரி. ஆகவே விழா பெரும்பாலும் வேலை மும்முரத்துக்கு நடுவில், அவசரமாகவே நடக்கும். பேச்சை ஒரு வாரம் முன்பே எழுதி வைப்பது நல்லது.

முதலில் விவரம் சேகரிக்க வேண்டும். சேர்ந்த தேதி, பதவி, வேலை பார்த்த ஊர்கள் ஆகிய மூன்றையும் அவரிடமே கேட்டு, பணிப்பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். மேடையில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நடுவில் இரண்டு ஊருக்கு மாறுதலாகிப் போய் வந்தவரை “முப்பது வருடமும் இதே பள்ளியில்” என்பார்கள். உதவியாளராக ஓய்வு பெறுபவரை இளநிலை உதவியாளர் என்றே அறிமுகம் செய்வார்கள். வாழ்நாள் முழுக்கத் தேதியும் பதவிப் பெயரும் பிசகாமல் எழுதியவருக்கு அது உறுத்தும். பணிப்பதிவேட்டில் உள்ள மற்றவை, அதாவது விடுப்பு, ஊதிய உயர்வு, எப்போதோ வந்த விளக்கக் கடிதம், எதுவும் மேடைக்கு வரக்கூடாது.

அடுத்து, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக் கிட்டத்தில் காட்ட வேண்டும். சேர்க்கைப் பதிவேடு அதற்கு ஏற்றது. ஒரு பிள்ளை சேரும்போது அதில் எழுதப்படும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதிதான் பிறகு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலுக்குப் போகிறது. அங்கிருந்து மதிப்பெண் சான்றிதழுக்கு. அங்கிருந்து வேலை, பாஸ்போர்ட், ஓய்வூதியம் வரைக்கும். 12-03 என்ற தேதி 03-12 என்று பதிவாகியிருந்தால், பெயர்ப்பட்டியலை அனுப்பும் முன் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு மாற்றுவது சில நிமிட வேலை. சான்றிதழ் அச்சாகிவிட்டால் விண்ணப்பம், ஆவணம், அலைச்சல் என்று நீளும். சில நேரம் நீதிமன்றம் வரை போகும். பிழை வந்தால் மட்டுமே கண்ணில் படுகிற வேலை இது. முப்பது வருடம் சரியாக நடந்ததைப் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

தவிர்க்க வேண்டியதும் உண்டு. “அவரிடம் பில் பாஸாக எத்தனை நாள் காத்திருந்தோம்” என்ற கிண்டல் ஆசிரியர் அறையில் சிரிப்பை வரவழைக்கலாம். மனைவி, பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கும்போது அது குற்றச்சாட்டாகக் கேட்கும். சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் அவர் உதவிய மாணவரை அடையாளம் தெரியும்படிச் சொல்வதும் தவறு. உதவியைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது.

இவற்றை வைத்து ஓர் ஆசிரியை பேசுவதாக ஒரு மாதிரி:

“தலைமையாசிரியர் அவர்களே, கிளார்க் சாரின் குடும்பத்தாரே, பிள்ளைகளே, வணக்கம். நம் சார் 1995-இல் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பள பில்லைக் கையால்தான் எழுத வேண்டும். கார்பன் தாள் வைத்து எழுதி, கூட்டிப் பார்த்து, கருவூலத்துக்குக் கொண்டு போவார். பணத்தை எண்ணி எடுத்து வந்து, வருவாய் முத்திரை ஒட்டிய இடத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். இன்றைக்கு எல்லாம் கணினியில். ஐம்பது வயதுக்கு மேல் அதையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பாஸ்வேர்டு மறந்து நாங்கள் ஓடியதெல்லாம் அவரிடம்தான்.

“பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, போன மாதம் உங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘அப்பா பேர் சொல்லு, இனிஷியல் சரியா பாரு, பிறந்த தேதி படி’ என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? சலித்துக்கொண்டீர்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் சான்றிதழை யாரும் திருப்பித் தராவிட்டால், அந்தச் சலிப்புக்குக் கிடைத்த பலன் அது.

“சாரே, நீங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு உங்கள் பிறந்த தேதியையும் ஒருவர் பதிவேட்டில் எழுதினார். அந்தத் தேதிதான் இன்றைக்கு உங்களை வீட்டுக்கு அனுப்புகிறது. அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று நம்புகிறோம். ஆனாலும் இரண்டு வருடம் குறைத்து எழுதியிருக்கலாம். அக்கா, இத்தனை நாள் மாதக் கடைசியில் சாரை நேரம் கழித்து வீட்டுக்கு அனுப்பியதற்கு நாங்கள்தான் காரணம். இனி அந்தக் கணக்கை உங்களிடம் ஒப்படைக்கிறோம். நன்றி, சார்.”

நிதானமாகப் படித்தாலும் இது ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. வேலை, அதனால் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன், ஒரு சிரிப்பு, வீட்டாருக்கு ஒரு வார்த்தை என்று நான்கே பகுதிகள். மற்றவர்களும் பேசுவார்கள் என்றால் ஒருவர் பதிவேட்டையும், இன்னொருவர் சம்பளப் பட்டியலையும், மூன்றாமவர் இலவசப் பாடநூல் வழங்கிய நாட்களையும் பிரித்துக்கொண்டால் ஒரே புகழ்ச்சியை ஆறு தடவை கேட்கும் தண்டனை அவருக்கு இருக்காது.

மேடையில் பேசும் தலைமையாசிரியருக்கு இன்னொரு கடமையும் உண்டு. பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் பென்ஷன் புரோபோசல் தயாரிப்பது எழுத்தர்தான். பல பள்ளிகளில் தன்னுடையதையும் அவரே தயாரிக்கிறார். அதில் தலைமையாசிரியர் கையெழுத்திட்டு, பல மாதம் முன்பே மாநிலக் கணக்காயருக்குப் போய்ச் சேரும்படி அனுப்பியிருக்க வேண்டும். 240 நாள் வரை ஈட்டிய விடுப்பைக் காசாக்கும் கணக்கும் முடிந்திருக்க வேண்டும். அடுத்தவர் கோப்பை ஒருநாளும் தேங்கவிடாதவர் என்று மேடையில் பாராட்டிவிட்டு, அவர் கோப்பை மேசையில் தேக்கி வைத்திருந்தால் அந்தப் பாராட்டை அவரே நம்பமாட்டார்.