மரியோவின் பேஸும் ஒன்பதில் ஒரு பங்கும்

மரியோ ஓடிக் குதிக்கும்போது, மேலே துள்ளும் மெட்டுக்குக் கீழே 'தும் தும்' என்று ஒரு பேஸ் ஒலி போய்க்கொண்டே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது முக்கோண அலை! 1983இல் நின்டென்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் சிப்பில் இருந்து பிறந்த ஒலி. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் கேசட் செருகி விளையாடிய டிவி கேம்களில் பலவும் அதன் நகல்கள்தான். அந்தச் சிப்பில் மெட்டு வாசிக்கச் சதுர அலை சேனல்கள் இரண்டு, பேஸுக்கு முக்கோண அலை சேனல் ஒன்று. இரண்டிலும் ஒரே சுரத்தை வாசித்துப் பாருங்கள். சதுரம் காதைக் கிள்ளும். முக்கோணம் மெத்தென்று உட்காரும். வாருங்கள், அலையின் வயிற்றுக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடுவோம்!

இரண்டு அலைகளையும் ஃபூரியர் தொடராகப் பிரித்தால் முதலில் வியப்புதான் வருகிறது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே! அடிப்படை அதிர்வெண், அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் மட்டும். அளவில்தான் வித்தியாசம்.

```
சதுரம்:     sin x + sin 3x / 3 + sin 5x / 5 + ...
முக்கோணம்:  cos x + cos 3x / 9 + cos 5x / 25 + ...
```

(முன்னால் பெருக்க வேண்டிய மாறிலியை விட்டுவிட்டேன், உச்சம் 1 என்றால் சதுரத்துக்கு 4/π, முக்கோணத்துக்கு 8/π².) மூன்றாம் ஹார்மானிக் சதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, முக்கோணத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஏழாவது அங்கே ஏழில் ஒன்று, இங்கே 49இல் ஒன்று! சதுர அலையின் ஆற்றலில் 81 சதவீதம்தான் அடிப்படை அதிர்வெண்ணில் இருக்கிறது, முக்கோணத்தில் 98.5 சதவீதத்துக்கும் மேல். கிட்டத்தட்ட சைன் அலையேதான், கூர்மை மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வர்க்கம் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். முக்கோண அலையின் சரிவைப் பாருங்கள். ஏறும்போது ஒரே சீரான ஏற்றம், இறங்கும்போது ஒரே சீரான இறக்கம். அந்தச் சரிவை மட்டும் தனியே வரைந்தால் கிடைப்பது சதுர அலை! திருப்பிச் சொன்னால், சதுர அலையைத் தொகையிட்டால் முக்கோணம் பிறக்கிறது.

இனி சதுரத்தின் மூன்றாம் ஹார்மானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது மும்மடங்கு வேகமாக ஆடுகிறது. ஆகவே ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொள்ள அதற்குக் கிடைக்கும் நேரமும் மூன்றில் ஒரு பங்குதான். சேர்த்ததை உடனே எதிர்ப்பக்கம் போய்க் கழித்துவிடுகிறது. ஏற்கெனவே மூன்றில் ஒன்றாக இருந்தது இன்னொரு முறை மூன்றால் வகுபட்டு ஒன்பதில் ஒன்றாகிறது. ஐந்தாவது 25இல் ஒன்று. முடிந்தது கணக்கு!

சதுரத்துக்கு மட்டும் ஒரே ஒரு வகுத்தல் ஏன்? அதன் சரிவையும் வரைந்து பாருங்கள். மேலே ஒரு கூரான தட்டல், கீழே ஒரு கூரான தட்டல், நடுவில் பூஜ்ஜியம். அந்தத் தட்டல்களுக்குள் எல்லா ஒற்றைப்படை ஹார்மானிக்குகளும் சம பலத்தோடு நிற்கின்றன. தட்டலை ஒருமுறை தொகையிட்டால் சதுரம், இன்னொருமுறை தொகையிட்டால் முக்கோணம். அலை சட்டென்று தாவினால் ஹார்மானிக்குகள் 1/n ஆகத் தேய்கின்றன. தாவாமல், சரிவு மட்டும் சட்டென்று மாறி ஒரு முனை விழுந்தால் 1/n² ஆகத் தேய்கின்றன. அதனால்தான் மூன்றே உறுப்புகளைக் கூட்டியதுமே முக்கோணத்தின் உச்சி 0.93ஐத் தொட்டுவிடுகிறது. சதுரத்திலோ எத்தனை உறுப்பு கூட்டினாலும், தாவும் இடத்துக்குப் பக்கத்தில் தாவலின் உயரத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் துருத்திக்கொண்டே நிற்கும். கிப்ஸ் விளைவு என்பது அதுதான்.

இப்போது ஃபேமிகாமுக்குள் இன்னும் ஆழமாகப் போவோம், அங்கே ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது! அந்தச் சிப்பால் வழுவழுப்பான முக்கோணத்தை வரைய முடியாது. 15, 14, 13 என்று 0 வரை இறங்கி, மறுபடி 0இலிருந்து 15 வரை ஏறுகிறது. ஒரு சுற்றுக்கு 32 படிகள். படி என்றால் தாவல். தாவல் என்றால்? ஆமாம், 1/n திரும்பி வந்துவிடுகிறது! உண்மையான முக்கோணத்தில் 31ஆம் ஹார்மானிக், அடிப்படையில் 961இல் ஒரு பங்காக, இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். இந்தப் படிக்கட்டு முக்கோணத்தில் அது சரியாக 31இல் ஒரு பங்கு. சதுர அலையில் எவ்வளவோ அவ்வளவே. அடுத்து 33ஆவது, 33இல் ஒரு பங்கு. 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை வாசித்தால் இவை 3410, 3630 ஹெர்ட்ஸில் வந்து விழுகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது!

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பழைய மரியோ இசையின் பேஸை மட்டும் கவனியுங்கள். அந்த மெத்தென்ற 'தும்'முக்கு மேலே மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டால், அது 31ஆவதும் 33ஆவதும்தான்.