ராத்திரி ரெண்டு மணிக்கே பேக்கப் ஆயிடுச்சே!

வாட்ஸ்அப்பில் Chat backup என்ற பக்கத்தைத் திறந்தால், கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்று அங்கே எழுதியிருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் Local என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அதிகாலை 2 மணி என்று இருக்கும். ஊரில் அப்பாவோ அம்மாவோ அதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் தானா ஆயிடுதுப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கே ஆயிடுச்சு" என்று சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். அந்த ரெண்டு மணி நகல் அதே போனுக்குள்தான் கிடக்கிறது. போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலோ பஸ்ஸில் தொலைந்தாலோ நகலும் கூடவே போய்விடும். போனுக்கு வெளியே, கூகுள் கணக்கில், இன்னொரு நகல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் இத்தனை பாடு.

அது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இறந்துபோன சித்தப்பா அனுப்பிய குரல் பதிவு, டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டின் படம், பேரப்பிள்ளை முதன்முதலாகத் தவழ்ந்த வீடியோ எல்லாம் அங்கேதான் இருக்கும். வேறெங்கும் இருக்காது.

எந்தப் போனில் கூப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேக்கப் எடுக்க வேண்டியது அப்பாவின் போன் என்றால், அம்மாவின் போனுக்குக் கூப்பிடுங்கள். அம்மாவைப் பின்பக்க கேமராவுக்கு மாற்றச் சொல்லி, அப்பாவின் திரை தெரிகிற மாதிரிப் பிடிக்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் திரையில் பளீரென்று அடித்தால் போனைச் சற்றுச் சாய்த்தால் போதும். வீட்டில் ஒரே போன்தான் என்றால் வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரும் வசதி 2023 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. ஆனால் திரையைப் பகிரும்போது மேலிருந்து இறங்கும் ஓடிபி, வங்கிச் செய்தி எல்லாம் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். மோசடிக்காரர்கள் "ஸ்க்ரீனைக் காட்டுங்க சார்" என்று கேட்பதும் இதற்காகத்தான். "இப்படித் திரையைக் காட்டுவது நம் பிள்ளைக்கு மட்டும்தான், அதுவும் நாமே கூப்பிட்டுப் பேசும்போது மட்டும்தான்" என்று அன்றைக்கே சொல்லி வைப்பது பேக்கப்பைவிட முக்கியம். இரண்டாவது போன் இருக்கும் வீட்டில் நான் திரைப் பகிர்வைத் தொடவே மாட்டேன்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், பெற்றோர் புதுக்கோட்டையில். எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இரவுச் சாப்பாடு முடிந்து மாத்திரை போட்ட பிறகு கூப்பிட்டால் அவர்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்து முடித்த நேரத்தைப் பிடித்துக்கொள்வேன். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வேன்.

பேச்சில் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்வேன். அது முடிந்ததும் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். "செட்டிங்ஸ் போய், சாட்ஸ் போய், பேக்கப் அமுக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவர்கள் இரண்டாவதில் நிற்பார்கள், நாம் மூன்றாவதில் நிற்போம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் குரல் உயரும்.

"அப்பா, வாட்ஸ்அப்பைத் திறங்க. எல்லார் பேரும் வரிசையா வருதா?"

"வருது."

"மேலே, கேமரா படம் இருக்குற பக்கமா, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா மூணு புள்ளி இருக்கும். அதை ஒரு தடவை தொடுங்க. அழுத்திப் பிடிக்க வேணாம்."

"ஏதோ நீளமா இறங்குச்சு."

"கடைசியில என்ன எழுதியிருக்கு? படிங்க."

"எஸ், ஈ, ட்டி... செட்டிங்ஸ்."

"அதைத் தொடுங்க. இப்ப என்ன வருது?"

அடுத்து Chats, அதற்குள் கீழே தள்ளினால் Chat backup. 'ஸ்க்ரோல்' என்று சொல்லாமல், "விரலை வச்சு மேலே தள்ளுங்க, கீழே இருக்குறது மேலே வரும்" என்றால் சிக்கலில்லை. ஆங்கிலம் படிக்காத அம்மாவுக்கு எழுத்தைச் சொல்லிப் பயனில்லை. நிறத்தையும் இடத்தையும் சொல்ல வேண்டும்: "பச்சையா ஒரு பட்டை", "மேலேயிருந்து மூணாவது வரி". ஒவ்வொரு போனிலும் வரிசை கொஞ்சம் மாறும் என்பதால், கூப்பிடும் முன் நம் போனில் அதே பாதையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நம் கையில் ஐபோன் இருந்தால் அது உதவாது. அதில் பேக்கப் போவது ஆப்பிளின் ஐகிளவுடுக்கு, பக்கமும் வேறு மாதிரி இருக்கும்.

Chat backup பக்கத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் அந்தப் பச்சை Back up பட்டனை உடனே அமுக்கச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே பக்கத்தில் கீழே Google Account என்று ஒரு வரி இருக்கும். அதற்கடியில் ஒரு ஜிமெயில் முகவரி தெரியும். பேக்கப் போய்ச் சேரும் இடம் அதுதான். அந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா படித்த முகவரி எனக்குத் தெரியாத ஒன்று. அவர் பெயருக்குப் பின்னால் சம்பந்தமில்லாத சில எண்கள். போன் வாங்கிய கடையில் இருந்த பையன், போனை இயக்கிக் கொடுப்பதற்காக அங்கேயே ஒரு ஜிமெயில் கணக்கு உண்டாக்கிக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு அவனுக்கு அன்றைக்கு மட்டும் தெரியும். இது பல வீடுகளில் நடப்பதுதான். போன் கையில் இருக்கும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை, பேக்கப்பும் ஒழுங்காக ஏறும். போன் தொலைந்த அன்றைக்குத்தான் புதுப் போனில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். சொல்ல ஆள் இருக்காது. நகல் பத்திரமாக இருக்கும், எடுக்கத்தான் முடியாது.

அதனால் நாங்கள் பேக்கப்பை நிறுத்திவிட்டுக் கணக்கைச் சரிசெய்தோம். அந்தக் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் போன் கையில் இருக்கும்போது பாஸ்வேர்டை மாற்றுவது, போன் போன பிறகு மாற்றுவதைவிட எவ்வளவோ எளிது. புதுப் பாஸ்வேர்டை அப்பா பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்தார். மீட்பு எண்ணாக என் எண்ணையும் சேர்த்தோம். பாஸ்வேர்டை எங்கும் எழுதக்கூடாது என்பார்கள். எழுபது வயதுக்காரர் வீட்டு பீரோவுக்குள் எழுதி வைப்பதில் தப்பில்லை என்பதே என் கட்சி. மறந்து போவதுதான் அங்கே பெரிய ஆபத்து. போனிலேயே குறித்து வைப்பதுதான் கூடாது.

கணக்கை முடித்த பிறகு எவ்வளவு பெரிய நகல் என்று பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் Include videos என்று ஒரு தள்ளுப் பொத்தான் இருக்கும். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்கள் எல்லாம் சேர்ந்தால் நகல் பல ஜிபி ஆகிவிடும். கூகுள் இலவசமாகத் தரும் இடம் மொத்தம் 15 ஜிபி. முன்பு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்கில் சேராது. 2023 கடைசியில் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு அதுவும் மெயில், படங்களோடு சேர்ந்து அந்த 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். இடம் நிரம்பினால் பேக்கப் நின்றுபோகும். எனவே முதல் தடவை வீடியோவை விலக்கிவிடுங்கள். வேண்டிய வீடியோ இரண்டு மூன்று இருந்தால் தனியாக உங்களுக்கு அனுப்பிவிடச் சொல்லலாம்.

பட்டனை அமுக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றால், பெரும்பாலும் அது வைஃபைக்காகக் காத்திருக்கும். வைஃபை இல்லாமல் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்யும் வீடுகளில் Back up using cellular என்பதை இயக்கினால்தான் ஏறும். பெரிய நகல் என்றால் அன்றைய டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடும், வீடியோ காலும் அதிலேயே ஓடுகிறது. ஏற ஆரம்பித்ததும் காலை வைத்துவிட்டு, அரை மணி கழித்துச் சாதாரண அழைப்பில் கேளுங்கள்.

முடிந்துவிட்டதா என்று கேட்டால் "ஆயிடுச்சு" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்காதீர்கள். "Chat backup பக்கத்துல எத்தனை மணின்னு போட்டிருக்கு, எத்தனை ஜிபின்னு போட்டிருக்கு, படிங்க" என்று கேளுங்கள். கூகுள் பக்கத்து நேரம் இன்றைய நேரமாக இருக்க வேண்டும். Local பக்கத்து நேரத்தைப் படித்தால் கணக்கில் வராது. பிறகு தானாக ஏறும் இடத்தில் Daily என்று தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டால் தினமும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்தில் End-to-end encrypted backup என்றும் ஒன்று இருக்கும். அதை இயக்கினால் கூகுளோ வாட்ஸ்அப்போ கூட நகலைத் திறந்து பார்க்க முடியாது. இயக்கும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்று தருவார்கள். அது தொலைந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது. அந்தச் சாவியைப் பிள்ளைகளில் ஒருவர் காகிதத்தில் எழுதித் தம்மிடம் வைத்துக்கொள்வதானால் மட்டுமே அதை இயக்கச் சொல்வேன். அப்பாவே தற்செயலாகத் தொட்டு இயக்கியிருக்கிறாரா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

புதுப் போன் வாங்கும் நாளில் எல்லாம் இன்னொரு தடவை. அதே போன் நம்பர், அதே ஜிமெயில், ஆண்ட்ராய்டே மறுபடியும். மூன்றும் சேர்ந்தால்தான் கூகுளில் இருக்கும் நகல் இறங்கும். அப்பாவின் பழைய போனில் வாட்ஸ்அப் காலில் பேசிக்கொண்டே புதுப் போனில் பதிவு செய்யாதீர்கள். புதியதில் நம்பர் ஏறியதும் பழையதில் வாட்ஸ்அப் வெளியேறி, பேச்சு நடுவில் அறுந்துவிடும். அன்றைக்கும் அம்மாவின் போன்தான். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணை அப்பாவே போட வேண்டும், உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு பேக்கப் இருக்கிறது என்று திரை சொல்லும்போது Restore என்பதை மட்டும் தொட வேண்டும். அவசரத்தில் Skip தொட்டுவிட்டால் அடுத்த திரையில் திரும்பக் கேட்காது. உடனே செயலியை நீக்கிவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான். புதுப் பேக்கப் ஏறி, பழையதன் மேல் உட்காருவதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.

எழுத்துகள் முதலில் வரும். படங்கள் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கும். "போட்டோ எல்லாம் மங்கலா இருக்கு, போச்சு" என்று அம்மா பதறினால் வைஃபையில் விட்டுவிட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். படங்கள் எல்லாம் தெளிவாகத் திறக்கிறவரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம்.