முப்பதாயிரம் கட்டினால் 337 ரூபாய்தான் குறையுமா?

ஆவடியில ஒரு ஃப்ளாட். 2022 தொடக்கத்துல, 40 லட்சம் ஹோம் லோன், 20 வருஷம், 6.75 சதவீத ஃப்ளோட்டிங் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாசத் தவணை, அதாவது இ.எம்.ஐ., 30,415 ரூபாய். இதில் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல்?

கணக்கு சிம்பிள். ஒவ்வொரு மாசமும் பேங்க் முதல்ல மீதி இருக்கிற அசலுக்கு வட்டி எடுத்துக்கும். தவணையில மிச்சம் இருப்பதுதான் அசலைக் குறைக்கும். முதல் மாசம் அசல் முழு 40 லட்சம். அதுக்கு ஒரு மாச வட்டி 22,500. ஆக அசலில் கழிவது 7,915 மட்டும். எக்ஸெல்ல நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=IPMT(6.75%/12, 1, 240, -4000000)
```

நடுவில் இருக்கிற 1 என்பது எத்தனையாவது தவணை என்ற எண். அதை மாற்றினால் அந்த மாசத்து வட்டி வரும். முதல் வருஷம் கட்டுவது சுமார் 3.65 லட்சம். அதில் அசலுக்குப் போனது ஒரு லட்சம்கூட இல்லை. மீதிக் கடன் சுமார் 39.02 லட்சம்.

இங்கதான் சிக்கல். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏற்றியது. ரெப்போவோடு இணைந்த லோன்களின் வட்டியும் கூடவே ஏறியது. நம்ம லோன் 9.25 ஆகிவிட்டால், 39.02 லட்சத்துக்கு ஒரு மாச வட்டியே 30,078. பழைய தவணையையே கட்டினால் அசலில் கழிவது வெறும் 337 ரூபாய். அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் சுமார் 49 வருஷம் ஆகும்!

ஆரம்ப வருஷங்களில் தவணையில் அசல் பங்கு ரொம்பச் சின்னது. அதனால வட்டி கொஞ்சம் ஏறினாலே அந்தப் பங்கை மொத்தமா தின்னுடும். இதே ஏற்றம் 15-வது வருஷத்தில் வந்தால் இவ்வளவு அடிக்காது. அப்போ மீதி அசலே குறைவு.

இப்படி வட்டி ஏறும்போது பல இடங்களில் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டினாங்க. மாசா மாசம் அக்கவுண்டில் போகும் தொகை மாறாததால் வீட்டில் கவனிப்பது கஷ்டம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்ற தேர்வு கடன் வாங்கியவருக்குத் தரப்படணும். காலத்தை நீட்டினாலும், அந்த மாச வட்டிக்குக்கூடப் போதாத தவணையாக அது ஆகிவிடக் கூடாது.

நம்ம உதாரணத்தில் மிச்சம் 19 வருஷத்திலேயே முடிக்கணும்னா தவணை சுமார் 36,400 ஆகும். மாசம் ஆறாயிரம் கூடுதல். வலிக்கும்தான், ஆனா 49 வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

உங்க வீட்டில் ஹோம் லோன் இருந்தால் லோன் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. அசல் என்ற காலத்தில் மாசா மாசம் தொகை கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். எங்கேயாவது அது திடீர்னு சரிந்திருந்தால், அந்த மாசம் வட்டி ஏறியிருக்கு. அடுத்து, கடன் முடியும் தேதி தள்ளிப் போயிருக்கான்னு பேங்க்கில் கேளுங்க.